பேர்லேயே இருக்கு தம்பி!

வெள்ளிக்கிழமை மத்தியானம் எந்த ஆபீஸை வேண்டுமானாலும் எட்டிப் பாருங்கள். ஃபைல் நகருகிறதோ இல்லையோ, பிரியாணி ஆர்டர் நகரும். கூடவே ஒரு மினி பட்டிமன்றமும் நடக்கும். "பாசுமதியா... சீரகச் சம்பாவா?" நம்ம திண்டுக்கல், ஆம்பூர் கோஷ்டி எப்போதும் சீரகச் சம்பா கட்சிதான். சீரகம் போலக் குட்டியாக இருக்கும், மசாலாவை நன்றாக உறிஞ்சும், மணக்கும் என்று ஆளாளுக்குக் காரணம் சொல்வார்கள்.

எங்கள் செக்ஷனில் ஒரு நாள் சும்மா கேட்டு வைத்தேன். "சீரகம் சரிப்பா, புரியுது. சம்பான்னா என்ன?"

மௌனம். கணேசப் பெருமானே தும்பிக்கையைத் தூக்கி யோசிக்கிற மாதிரி ஒரு மௌனம். "அது ஒரு டைப்பு சார்" என்றார் ஒருவர். "உசந்த ஜாதி அரிசின்னு அர்த்தம்" என்றார் இன்னொருவர். "சம்பளம்ங்கற வார்த்தையே சம்பாலேர்ந்துதான் வந்தது" என்று மூன்றாமவர் ஆரம்பிக்க, பேச்சு இன்கிரிமென்ட் பக்கம் போய்விட்டது. ஆபீஸில் எந்தப் பேச்சும் கடைசியில் அங்கேதானே போகும்!

சம்பா என்பது அரிசியின் ஜாதி அல்ல. மாசம். ஆடிக் கடைசி, ஆவணியில் விதைத்து தையில் அறுக்கிற பருவத்துக்குத்தான் சம்பா என்று பெயர். பொங்கல் பானையில் புத்தரிசி விழுகிறதே, அது சம்பா அறுவடை. ஆக, 'சீரகச் சம்பா' என்றால் சீரகம் போன்ற மணி உடைய, சம்பாப் பருவத்து நெல். பெயரின் முன்பாதி உருவத்தைச் சொல்கிறது. பின்பாதி காலண்டரைச் சொல்கிறது.

இந்த ஒரு சூத்திரத்தை வைத்துக்கொண்டு நம்ம ஊர் நெல் பெயர்களைப் பாதிக்கு மேல் படித்துவிடலாம். ஒரே ஒரு நிபந்தனை. பின்னாலிருந்து படிக்க வேண்டும். நாமெல்லாம் 'மாப்பிள்ளை'யைப் பார்த்து மயங்கிவிட்டு 'சம்பா'வைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

பின்பாதியில் அடிக்கடி வருவது மூன்றே மூன்று சொற்கள். சம்பாவைப் பார்த்துவிட்டோம். அது ஐந்து, ஐந்தரை மாசப் பயிர். அடுத்தது குறுவை. 'குறு' என்றாலே குறுகியது. ஆனி, ஆடியில் ஆரம்பித்து, நாலு மாசத்துக்குள் அறுத்துக் களம் சேர்ப்பது. தஞ்சாவூர் டெல்டாவில் மேட்டூர் தண்ணீர் ஜூன் மாசம் வந்துவிட்டால் குறுவை உண்டு. வராவிட்டால் பேப்பரில் தலைப்புச் செய்தி உண்டு. குறுவையை அறுத்த வயலில் அந்தத் தாள் கிடக்க, அதையே மடக்கி உழுது அடுத்ததாகப் போடுவது தாளடி. மூன்றாவது சொல் கார். கார் என்றால் மேகம், மழை, இருட்டு. திருநெல்வேலிப் பக்கம் தாமிரபரணியில் தென்மேற்குப் பருவமழைத் தண்ணீர் வரும்போது நடுகிற முதல் பயிர்தான் கார். புரட்டாசி, ஐப்பசியில் ஆரம்பிக்கிற அடுத்த பயிருக்கு அங்கே பிசானம் என்று பெயர். செங்கல்பட்டு, வட ஆற்காடு ஜில்லாக்களில் சித்திரை, வைகாசியில் போடுவதைச் சொர்ணவாரி என்பார்கள். மார்கழி, தையில் போடுவது நவரை.

இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப் போகிறது, மாசக் கடைசியில் மெஸ் பில் கட்ட உதவுமா என்று கேட்கிறீர்களா? எங்கள் ஆபீஸ் நண்பர் ஒருவருக்கு இது தெரியாமல் போனதில் அரை ஏக்கர் நெல் மழையில் படுத்தது. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

நண்பருக்கு வந்தவாசிப் பக்கம் பூர்வீக நிலம் அரை ஏக்கர். கிணறு உண்டு, மோட்டார் உண்டு. சென்னையில் வாரம் ஐந்து நாள் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு சனிக்கிழமை காலை பஸ் பிடித்து விவசாயி ஆகிவிடுவார். பாரம்பரிய நெல் போட வேண்டும் என்று ஆசை வந்து, ஒரு கண்காட்சியில் பத்து கிலோ மாப்பிள்ளைச் சம்பா விதை வாங்கினார். பையில் '160 நாள்' என்று அச்சடித்திருந்தது. அப்போது மே மாசம். ஊரில் எல்லாரும் சொர்ணவாரிக்கு நாற்று விட்டுக்கொண்டிருந்தார்கள். இவரும் மே 10-ம் தேதி நாற்று விட்டார். விட்டவர் சும்மா இருந்தாரா? கணக்குப் போட்டார். மே 10-லிருந்து 160 நாள் என்றால் அக்டோபர் 17. மழை கொட்டுவதற்கு முன்னால் அறுவடை முடிந்துவிடும், தீபாவளிக்கு எங்களுக்கெல்லாம் ஆளுக்கு ரெண்டு கிலோ சிவப்பரிசி என்று ஆபீஸ் முழுக்க அறிவிப்பு!

பயிர் பிரமாதமாக வந்தது. ஆகஸ்டில் பக்கத்து வயல்காரர்கள் சொர்ணவாரியை அறுத்துவிட்டார்கள். நண்பர் வயல் இடுப்பளவு பச்சை. செப்டம்பரில் மார்பளவு. போட்டோ எடுத்து வந்து காட்டினார். "எப்படி வளர்ந்திருக்கு பாருங்க... ஒரு பிடி யூரியா போடலை!" என்று பெருமை. அக்டோபர் 17-ம் வந்தது. வயலில் கதிர் வந்ததா? ஒரு கதிர் கூட இல்லை. ஆள் உயரத்துக்குப் புல்!

பயந்துபோய்ப் பக்கத்து வயல் பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினார். "ஐயா, விதை போலியா? ஏமாத்திட்டாங்களா?"

பெரியவர் ஒரு தூரைப் பிடித்து, தண்டைக் கிள்ளி, நகத்தால் பிளந்து உள்ளே பார்த்தார். "விதையெல்லாம் நல்ல விதைதான் தம்பி. இப்பத்தான் உள்ளாற கரு கட்டுது. பேர்லேயே இருக்குதே, சம்பான்னு! அதைப் போய்ச் சொர்ணவாரில விட்டா அது இன்னா பண்ணும்? அதும் மாசம் வர்ற வரைக்கும் நிக்கும்."

நின்றது. நவம்பர் இரண்டாவது வாரம் கதிர் வெளியே வந்தது. அதே வாரம் வடகிழக்குப் பருவமழையும் வந்தது. ஆறு மாசம் வளர்ந்த பயிர். உயரமோ உயரம். தலையில் ஈரக் கதிர் கனம் வேறு. ரெண்டு நாள் காற்றில் வயல் முழுக்கப் பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டது. தண்ணீரில் கிடந்த கதிரில் பாதி முளைத்துவிட்டது. டிசம்பர் 12-ம் தேதி மிச்சத்தை அறுத்தார்கள். மெஷின் இறங்க முடியாமல் ஆள் வைத்து அறுத்ததில் கூலி வேறு எகிறியது. விதைத்த நாளிலிருந்து 216 நாள். கிடைத்தது மூன்று மூட்டை.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? இவரிடம் மிச்சமிருந்த அதே விதையில் கொஞ்சத்தைப் பெரியவர் வாங்கிப் போய், தன் நிலத்தில் அரை ஏக்கருக்கு ஆடிப் பதினெட்டு அன்று, ஆகஸ்ட் 3-ம் தேதி நாற்று விட்டிருந்தார். அவர் அறுத்தது ஜனவரி 8. சரியாக 158 நாள். பையில் போட்டிருந்த 160-க்கு ரெண்டு நாள்தான் வித்தியாசம். பயிர் நெஞ்சு உயரத்தோடு நின்றதால் மழைக்கும் படுக்கவில்லை. எட்டு மூட்டை. நண்பர் பெரியவரைவிட 85 நாள் முன்னால் விதைத்தார். முன்னால் அறுத்தது வெறும் 27 நாள்.

ஏன் இப்படி? இந்த நெல் நாளை எண்ணுவதில்லை. ராத்திரியை அளக்கிறது.

நம்ம ஊரில் ஜூன் மாசப் பகலுக்கும் டிசம்பர் மாசப் பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்தான். நமக்கு அது உறைக்கவே உறைக்காது. காலை அலாரம் எந்த மாசத்திலும் ஒரே மாதிரி வெறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால், பழைய சம்பா ரகங்களின் இலைக்கு அது தெரியும். பகல் நீளமாக இருக்கிற வரை 'இது நம்ம காலமில்லை' என்று தழை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். செப்டம்பர் கடைசியில் பகலும் இரவும் சமமாகி, அப்புறம் இரவு நீள ஆரம்பிக்கும்போதுதான் உள்ளே கதிருக்கான கரு பிடிக்கும். கரு பிடித்துக் கதிர் வெளியே வர ஒரு மாசத்துக்கு மேல் ஆகும். வந்து, பால் பிடித்து, முற்ற இன்னொரு மாசம். நீங்கள் மே மாசம் விதைத்தாலும், ஆகஸ்டில் விதைத்தாலும் அது பூக்கிற மாசம் பெரிதாக மாறாது. ஆகவே பையில் போட்டிருந்த '160 நாள்' பொய்யில்லை. 'சம்பாவில் விதைத்தால் 160 நாள்' என்பதில் முதல் பாதியை அச்சடிக்கவில்லை. அந்தப் பாதி பெயரில் இருக்கிறதே என்று விட்டுவிட்டார்களோ என்னவோ!

கண்ணால் பார்க்க ஆசையிருந்தால் ஐப்பசி, கார்த்திகையில் கிராமத்துப் பக்கம் போங்கள். ராத்திரி முழுக்கத் தெருவிளக்கு எரிகிற ரோட்டோரத்தில் பழைய சம்பா ரகம் போட்ட வயல் இருந்தால், வயல் முழுக்கக் கதிர் வந்திருக்கும். விளக்கு வெளிச்சம் விழுகிற இடத்தில் மட்டும் அரைவட்டமாகப் பச்சைப் பசேல் என்று கதிரில்லாமல் நிற்கும். பாவம், அதற்கு இன்னும் ராத்திரியே வரவில்லை!

இந்தக் குணத்தை ஒரு குறையாக நினைக்காதீர்கள். மழை ரெண்டு வாரம் தாமதமாகி, விதைப்பு ரெண்டு வாரம் தள்ளிப்போனாலும் சம்பா தன் நேரத்துக்கே பூத்து, மழை ஓய்ந்த தையில் முற்றும். காய்ந்த வெயிலில் அறுத்துக் காயவைக்கலாம். தஞ்சாவூர்க்காரர்கள் இதை வைத்து ஒரு வித்தையே செய்தார்கள். ஒட்டடையான் என்று ஒரு நீண்ட நாள் நெல். அதன் விதையையும் குறுவை விதையையும் கலந்து ஒன்றாகவே நாற்று விட்டு, ஒன்றாகவே நட்டார்கள். புரட்டாசி, ஐப்பசியில் குறுவை முற்றியதும் வயலையே அறுத்துவிடுவார்கள். ஒட்டடையானுக்கு அப்போது கழுத்து போகுமே தவிர உயிர் போகாது. அதுதான் இன்னும் பூக்கவே ஆரம்பிக்கவில்லையே! அடித்தூரிலிருந்து மறுபடி துளிர்த்து, தன் மாசம் வந்ததும் கதிர் விட்டு, தை, மாசியில் இரண்டாவது அறுவடை. ஒரே நடவுக் கூலி, ரெண்டு மகசூல். இந்த யோசனையைக் கண்டுபிடித்தவர் இன்று இருந்தால் ஏதாவது பெரிய கம்பெனியில் ஃபைனான்ஸ் டைரக்டராக இருந்திருப்பார்.

சரி, பின்பாதி புரிந்துவிட்டது. இப்போது முன்பாதிக்கு வருவோம்.

உருவம் சொல்கிற பெயர்களில் சிக்கலே இல்லை. மணி சீரகம் போல இருந்தால் சீரகச் சம்பா. மிளகு போல உருண்டையாக இருந்தால் மிளகுச் சம்பா. தூயமல்லி என்றால் மல்லிகை மொக்குப் போல வெளுப்பு. பெயர் வைத்தவர் சமையற்கட்டையும் பூக்கடையையும் தாண்டி வெளியே போகவில்லை. வாங்குகிறவனுக்குச் சட்டென்று விளங்க வேண்டும், அவ்வளவுதான். மாப்பிள்ளைச் சம்பாவுக்குத்தான் கொஞ்சம் பில்டப். அந்தக் காலத்தில் பெண் கேட்டுப் போகிறவன் இளவட்டக்கல்லைத் தூக்கிக் காட்ட வேண்டும், அதற்குத் தெம்பு தருகிற அரிசி என்று கதை சொல்வார்கள். இந்தக் காலத்தில் பெண் வீட்டார் கேட்பது சம்பளச் சீட்டு. அதைத் தூக்க எந்த அரிசியும் உதவாது.

நிறம் சொல்கிற பெயரில்தான் ஆள் ஏமாறுவான். காரணம், நெல்லுக்கு மேலே ரெண்டு சட்டை. வெளிச்சட்டை உமி. உள்சட்டை தவிடு. ரெண்டையும் கழற்றினால் அத்தனை அரிசியும் வெள்ளைதான். பெயரில் வருகிற நிறம் எந்தச் சட்டையின் நிறம் என்று பார்க்க வேண்டும்.

கருங்குறுவையை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து படித்தால், குறுவை. நாலு மாசப் பயிர். முன்னால் 'கரும்'. வயலில் பார்த்தால் கதிர் கருப்பாகவே இருக்கும். ஆனால் குத்தி எடுத்தால் அரிசி சிவப்பு! இங்கே கருப்பு என்பது உமியின் நிறம். சித்த வைத்தியத்தில் பேர் போன நெல் இது. கடையில் போய்க் 'கருங்குறுவை' என்று கேட்டு, சிவப்பரிசியைக் கொடுத்ததும் கடைக்காரருடன் சண்டை போடுகிறவர்கள் உண்டு. கடைக்காரர் பாவம், சரியாகத்தான் கொடுத்தார். கருப்பாகக் கொடுத்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கருப்புக் கவுனி அப்படியில்லை. இங்கே கருப்பு உள்சட்டையில், தவிட்டில் இருக்கிறது. அதனால்தான் உமி நீக்கிய பிறகும் கருப்பாக, வேகவைத்தால் கத்தரிக்காய் நிறத்தில் வருகிறது. செட்டிநாட்டுக் கல்யாணங்களில் சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் போட்டு இனிப்பாகக் கிண்டிப் போடுவார்கள். ஒரு தரம் சாப்பிட்டுவிட்டு அந்தப் பக்கம் பெண் தேடலாமா என்று யோசித்தவர்களில் அடியேனும் ஒருவன்.

இந்தக் கவுனிக்கு இப்போது நல்ல விலை என்பதால், சாயம் ஏற்றி விற்கிறார்களோ என்ற பயமும் கூடவே வந்திருக்கிறது. ஊறவைத்தால் தண்ணீர் ஊதா ஆகிறதே, இது சாயம்தானே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இல்லை. நிஜமான கவுனியின் நிறமும் தண்ணீரில் கரையக் கூடியதே. கண்டுபிடிக்க வழி வேறு. ஊறிய தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து, பாதி எலுமிச்சம்பழம் பிழியுங்கள். நாவல்பழத்தில் இருப்பதைப் போன்ற இயற்கை நிறமி என்றால் ஊதா மாறிச் சிவப்புச் சாயலுக்கு வரும். கடைச் சாயம் என்றால் பெரும்பாலும் ஜடமாக அப்படியே இருக்கும். இன்னொன்று, ஒரு அரிசியைக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். மேலே மெல்லிய கருப்பு ஓரம், உள்ளே வெள்ளை. அப்படித்தான் இருக்க வேண்டும். நடுவரைக்கும் நிறம் ஊறியிருந்தால், கடையை மாற்றுங்கள்.

சிவப்பரிசி விஷயத்திலும் இதே சட்டைக் கதைதான். மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார் எல்லாம் தவிடு சிவப்பு. 'நல்லா பாலிஷ் போட்டுக் கொடுங்க' என்று மில்லில் சொன்னால் அவரும் போட்டுக் கொடுப்பார். வீட்டுக்கு வருவது விலை கூடிய வெள்ளையரிசி. சிவப்பு மாட்டுத் தீவனத்துக்குப் போயிருக்கும்.

சில பெயர்களில் மாசமும் இருக்காது, நிறமும் இருக்காது. நிலம் இருக்கும். இவைதான் எனக்கு ரொம்பப் பிடித்தவை. மடுமுழுங்கி என்று ஒரு நெல். மடு என்றால் ஆழமான நீர்நிலை. ஏரி உள்வாயில் தண்ணீர் ஏற ஏற இதுவும் கூடவே உயர்ந்து தலையை வெளியே வைத்துக்கொள்ளும். மடுவையே முழுங்குகிறதாம்! உவர்முண்டான், களர்பாலை என்ற பெயர்களைக் கேட்டாலே உப்புத் தண்ணீர், களர் நிலம் என்று விளங்கிவிடும். காட்டுயானம் ஏழடி வளரும். உள்ளே யானை நின்றால்கூடத் தெரியாது என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். எந்த மேட்டில் போடுவது, எந்தப் பள்ளத்தில் போடுவது என்கிற விவசாய அதிகாரியின் அறிவுரை அத்தனையும் அந்த ஒரு சொல்லில் அடக்கம். ஃபைல், கையெழுத்து எதுவும் தேவையில்லை.

இந்தச் சூத்திரம் எல்லா இடத்திலும் செல்லுமா என்றால், செல்லாது. கடைகளில் வருகிற பெயர்களிடம் அது பல்லை இளித்துவிடும். முதல் உதாரணம் நாம் தினம் சாப்பிடுகிற பொன்னி. பொன்னி என்றால் காவிரி. கேட்டவுடன் சோழர் காலத்து நெல் என்று நெஞ்சு நிமிரும். நிஜத்தில் இதன் பிறந்த வீடு மலேசியா. அங்கே 1965-ல் வெளியிட்ட மசூரி என்கிற ரகம் இங்கே வந்து காவிரிக்கரையில் குடியேறிப் பொன்னி ஆனது. அதிலிருந்து தேர்ந்தெடுத்த வெள்ளைப் பொன்னி 1986-ல் வந்தது. பெயர் மட்டும்தான் கல்கி காலத்து நாயகி மாதிரி.

அதே 1986-ல் ஆந்திராவில் பாபட்லா ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டது 'சம்பா மசூரி'. கடையில் டீலக்ஸ் பொன்னி, ஆந்திரா பொன்னி என்று பல பெயரில் விற்கிறது பெரும்பாலும் இதுதான். இதில் 'மசூரி' அந்த மலேசியாக்காரர். 'சம்பா' நம்ம கிச்சிலிச் சம்பா. அது எப்படி உள்ளே வந்தது என்பது ஆபீஸ்வாசிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. 1921-ல் கோயம்புத்தூரில் கிச்சிலிச் சம்பாப் பயிரில் தானாகவே மாறி நின்ற ஒரு நல்ல செடியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதைத் தேர்ந்தெடுத்தவரின் பதவி 'கவர்ன்மென்ட் எகனாமிக் பொட்டானிஸ்ட்'. அதன் முதல் எழுத்துகளையே நெல்லுக்கு வைத்துவிட்டார்கள்: ஜி.இ.பி. 24. அதாவது, ஒரு கெஜட்டட் ஆபீசரின் டெசிக்னேஷன் நெல்லுக்குப் பெயரானது! அந்த நெல்தான் சம்பா மசூரியின் தாத்தாக்களில் ஒருவர். நம்மில் எத்தனை பேருடைய டெசிக்னேஷன் நூறு வருஷம் கழித்தும் சோற்றுப் பானையில் வேகும், சொல்லுங்கள்?

இலங்கைக்குப் போனால் இன்னொரு திருப்பம். அங்கேயும் சம்பா உண்டு, கீரிச் சம்பாவும் உண்டு. ஆனால் அங்கே பருவங்களுக்குப் பெரும்போகம், சிறுபோகம் என்று வேறு பெயர்கள். அதனால் சம்பா என்ற சொல்லுக்கு மாசம் உதிர்ந்துபோய், சின்ன உருண்டை மணி அரிசி என்பது மட்டும் ஒட்டிக்கொண்டது. நம்ம கடைக்காரரும் இப்போது கிட்டத்தட்ட இலங்கைக்காரர்தான். அவருக்கும் சம்பா என்பது ரகமே தவிர மாசமில்லை.

1966-க்கு அப்புறம் வந்தவற்றுக்கோ பெயரே போய் நம்பர் வந்துவிட்டது. ஐ.ஆர். 8, ஆடுதுறை 36, அம்பை 16. முன்னால் இருப்பது உருவாக்கிய ஊர் அல்லது நிறுவனம், பின்னால் வரிசை எண். இட்லிக்கு ஊறப் போடுகிற குண்டு அரிசி நிறைய வீடுகளில் இந்த அம்பாசமுத்திரத்து 16-தான். இதைச் சிலர் 'ஐயோ, அழகான பெயரெல்லாம் போச்சே' என்று சோக ராகத்தில் பாடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐ.ஆர். 8-ம் அதன் வழி வந்த குறுகிய கால ரகங்களில் பெரும்பாலானவையும் ராத்திரியை அளக்காதவை. எந்த மாசம் விதைத்தாலும் ஏறக்குறைய அதே நாளில் முற்றும். காலண்டர் பார்க்காத நெல்லுக்குப் பெயரில் மாசம் எதற்கு? நம்பர் போதும். மாசத்தைப் பெயரில் எழுதி வைத்தே ஆக வேண்டிய கட்டாயம் பழைய நெல்லுக்குத்தான்.

அந்தப் பழைய நெல்லை இப்போது மறுபடி போடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் 2006-லிருந்து வருஷா வருஷம் நெல் திருவிழா நடத்திய 'நெல்' ஜெயராமன் சுமார் 170 ரகங்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்தார். 2018-ல் அவர் மறைந்தார். அவருடைய திட்டம் ரொம்ப எளிமை. இரண்டு கிலோ விதை வாங்கிப் போகிறவர் அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். வட்டி நூறு சதவீதம், ஆனால் எந்த பாங்கிலும் இவ்வளவு சந்தோஷமாக வட்டி கட்டி யாரும் பார்த்திருக்க முடியாது. அப்படி விதை வாங்குகிறவர்களில் நண்பரைப் போன்ற சனிக்கிழமை விவசாயிகளும் நிறைய. அவர்களுக்கு நெல்லைத் தெரியும், நெட்டில் படித்திருப்பார்கள். அந்தப் பெயரை ஊரில் எந்த மாசத்தில் உச்சரிக்க வேண்டும் என்பதுதான் தெரியாது. பெயரில் மாசம் இல்லாத தூயமல்லி, காட்டுயானம் போன்றவற்றுக்கு இன்னும் ஆபத்து. அதற்கெல்லாம் ஒரே வழி, விதை கொடுக்கிறவரிடம் 'எத்தனை நாள்?' என்று கேட்பதோடு நிறுத்தாமல் 'நீங்க எந்த மாசம் விதைச்சீங்க, எந்த மாசம் அறுத்தீங்க?' என்றும் கேட்பது.

நண்பர் இப்போது கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டார். இந்த வருஷம் அவர் வாங்கி வந்திருப்பது அறுபதாம் குறுவை. மாசமும் இருக்கிறது, நாளும் இருக்கிறது, பெயரிலேயே! இந்த அறுபது நம்ம ஊர்ச் சொத்து மட்டுமல்ல. சமஸ்கிருதத்தில் ஷஷ்டிகம், ஹிந்திக்காரர்களுக்கு சாட்டீ, எல்லாமே அறுபது நாள் நெல்தான். நண்பர் விதைத்த அன்றைக்கே ஆபீஸ் சுவர் காலண்டரில் அறுபதாம் நாளைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு, பக்கத்தில் லீவு என்றும் எழுதி வைத்துவிட்டார். வந்தவாசிப் பெரியவரிடம் இதைப் பெருமையாகச் சொன்னபோது அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தாராம்.

"அறுபதுன்னா அறுபதா தம்பி? எக்ஸ்பிரஸ் பஸ்னு போர்டு போட்டிருந்தா அது வேகமா வரும்னு அர்த்தம். கரெக்டா வரும்னு அர்த்தம் இல்ல. ஒரு பத்து நாள் தள்ளி லீவு போடு!"